பக்கத்து அறையில்தான் இருக்கிறது!

*ஒரே ஒரு சின்ன லேப்டாப் திரை. அதில் ஏழெட்டு விண்டோக்கள். விர்ச்சுவல் டெஸ்க்டாப்பும் ஸ்னாப்பும் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?*

19-ஆம் தேதி, மாலை ஆறரை மணி. சிவகாசியில் அச்சகங்களும் காகிதக் கடைகளும் நெருக்கியடிக்கும் தெரு ஒன்றின் மாடியறை. மறுநாள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். அந்தக் கணக்காளர் பெண்மணி 14 அங்குல லேப்டாப்பில் ஒரு அச்சகத்தின் கொள்முதல் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். மேல் கட்டத்தில் உள்ளதைக் கீழ்க் கட்டங்களுக்கும் நிரப்ப `Ctrl + D` அழுத்துகிறார். ஒரு நாளில் நூறு தடவை அழுத்துகிற கீதான்.

திரை ஒரு பக்கமாகச் சரிகிறது. எக்ஸெல் இல்லை. டேலி இல்லை. பிரவுசரில் திறந்து வைத்திருந்த ஜி.எஸ்.டி. தளமும் இல்லை. வால்பேப்பரில் இருக்கும் மலையும் ஏரியும் மட்டும் அமைதியாகத் தெரிகின்றன. டாஸ்க்பாரில் ஐகான்கள் இருக்கின்றன. ஆனால் எதன் அடியிலும் 'திறந்திருக்கிறது' என்று காட்டும் அந்தச் சின்னக் கோடு இல்லை. `Alt + Tab` அழுத்திப் பார்க்கிறார், அங்கும் ஒன்றும் இல்லை. வியர்க்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணைத்துவிட்டு, சர்வீஸ் கடைத் தம்பிக்குப் போன் போடுகிறார்.

"தம்பி, எல்லாம் போச்சுப்பா. திரையே வெறிச்சுன்னு ஆயிருச்சு."

"அக்கா, ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க!"

"பண்ணிட்டேனே..."

எதுவும் போகவில்லை. `Ctrl`-ஐத் தேடிப் போன விரல், பக்கத்தில் இருந்த விண்டோஸ் கீயையும் சேர்த்து அமுக்கிவிட்டது. `Win + Ctrl + D` என்றால் புதிதாக ஒரு டெஸ்க்டாப்பைத் திற என்று பொருள். அவருடைய விண்டோக்கள் அத்தனையும் முதல் டெஸ்க்டாப்பில் அப்படியே இருந்தன. `Win + Ctrl`-உடன் இடது அம்புக்குறியை ஒரு தட்டு தட்டியிருந்தால் திரும்பிப் போயிருக்கலாம். அணைத்ததால்தான் நஷ்டம். எக்ஸெல் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுத்து வைக்கும். கடைசிப் பிரதிக்குப் பிறகு செய்த ஏழெட்டு நிமிட வேலை போனது போனதுதான்.

விண்டோஸில் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று ஒன்று இருப்பதே பலருக்கும் இப்படி ஒரு விபத்தில்தான் தெரிய வருகிறது. டச்பேடில் நான்கு விரல் பட்டு இழுபட்டாலும் இதே கதைதான். ஏற்கெனவே இரண்டு டெஸ்க்டாப் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். அந்த அம்மாவின் கதையைக் கேட்ட பிறகு, அவருடைய மேஜைப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். "என் பேரெல்லாம் போட்ராதீங்க, கிளையன்ட் சிரிப்பாங்க" என்ற ஒரே நிபந்தனையோடு அனுமதித்தார்.

## அறையும் கதவும்

விர்ச்சுவல் டெஸ்க்டாப் புதிய யோசனை இல்லை. 1985-ல் வந்த முதல் விண்டோஸில் விண்டோக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. தரையில் கல் பதித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1987-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றன்மேல் ஒன்றை அடுக்க வழி வந்தது. அன்று தொடங்கியது இந்தக் குவியல்.

நடுவில், 1986-ல், அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 'ரூம்ஸ்' என்றொரு அமைப்பைப் பற்றி எழுதினார்கள். மெமரி போதாத கணினி, வேலை செய்வதை விட்டுவிட்டுத் தரவை உள்ளே இழுப்பதிலும் வெளியே தள்ளுவதிலுமே பொழுதைக் கழிக்கும். சின்னத் திரைக்கு முன்னால் உட்கார்ந்த மனிதரும் அதையேதான் செய்கிறார், விண்டோவைத் தள்ளுவதும் தேடுவதுமாக, என்பது அவர்கள் கண்டுகொண்ட விஷயம். அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை. அறைக்கு அறை போகக் கதவு. எல்லா அறைக்கும் கூடவே வரவேண்டியதைப் போட்டுக்கொள்ள ஒரு 'பாக்கெட்'.

இந்த அறை ஆப்பிள் கணினிகளுக்கு 2007-லும் விண்டோஸுக்கு 2015-ல் வந்த 10-ஆம் பதிப்பிலும்தான் வந்து சேர்ந்தது. விளிம்பில் ஒட்டவைக்கும் ஸ்னாப் அதற்கு முன்பே, 2009-ல் விண்டோஸ் 7-லேயே வந்துவிட்டது. வரலாறு இவ்வளவு போதும்.

> பெட்டி: விரலுக்குப் பழக வேண்டிய ஆறு (விண்டோஸ் 10, 11)
>
> `Win + ←` அல்லது `→` : விண்டோவைப் பாதித் திரையில் ஒட்டவைக்க
>
> `Win + ↑` : முழுத்திரையாக்க (பாதியில் ஒட்டியிருந்தால் மேல் கால் பகுதிக்குப் போகும்)
>
> `Win + Ctrl + D` : புது டெஸ்க்டாப்
>
> `Win + Ctrl + ←` அல்லது `→` : அடுத்த டெஸ்க்டாப்புக்குப் போக
>
> `Win + Ctrl + F4` : இருக்கும் டெஸ்க்டாப்பை மூட (அதிலுள்ள விண்டோக்கள் மூடாது, பக்கத்து டெஸ்க்டாப்புக்குப் போய்விடும்)
>
> `Win + Tab` : எல்லா விண்டோக்களையும் டெஸ்க்டாப்புகளையும் ஒரே பார்வையில் காண

## பாதித் திரை என்பது எவ்வளவு?

விளம்பரப் படங்களில் திரையை இரண்டாகவும் நான்காகவும் பிரித்துக் காட்டுவார்கள். நம் வீட்டு லேப்டாப்பில் அது எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அந்த அம்மாவின் லேப்டாப் திரை 1920-க்கு 1080 புள்ளிகள். பெட்டியின் மேல் 'ஃபுல் எச்.டி.' என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஆனால் 14 அங்குலத்தில் அவ்வளவு புள்ளிகளை அப்படியே காட்டினால் எழுத்து எறும்பு அளவில் இருக்கும் என்பதால், விண்டோஸ் எல்லாவற்றையும் 150 சதவீதம் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால் கைக்கு மிஞ்சுவது 1280-க்கு 720 மட்டுமே. பாதியாக வெட்டினால் அகலம் 640.

எக்ஸெலில் ஒரு காலத்தின் இயல்பான அகலம் 64 புள்ளி. வரிசை எண்ணுக்கும் ஓரத்து ஸ்க்ரோல் பட்டைக்கும் போனது போக, 640-ல் ஒன்பது காலம் அடங்கும். அது மோசமில்லை. காலாகப் பிரித்தால்தான் வேடிக்கை. உயரம் பாதியாகிவிடும். தலைப்புப் பட்டை, ரிப்பன், ஃபார்முலா பட்டை, அடியிலுள்ள ஷீட் பெயர்கள் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு தரவுக்கு நாலைந்து வரிசைதான் மிஞ்சும். சின்ன லேப்டாப்பில் நான்காகப் பிரிப்பது காட்சிக்கு மட்டுமே உதவும். விண்டோஸ் 11-ல் `Win + Z` அழுத்தினால் வரும் வடிவங்களில், அகலமான மானிட்டர்களில் காட்டும் மூன்று கால வடிவத்தை இந்த மாதிரித் திரைக்கு அது காட்டுவதே இல்லை. அதற்கே தெரிந்திருக்கிறது.

பாதித் திரையில் இன்னொரு சிக்கல் பிரவுசரில் வருகிறது. பல இணையதளங்கள், தமக்குக் கிடைக்கும் அகலம் 768-க்குக் கீழே போனால் "இது மொபைல் போலிருக்கிறது" என்று முடிவு செய்துகொள்கின்றன. உடனே மெனு மூன்று கோடாகச் சுருங்கும், அட்டவணை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரியும். "சைட்டே மாறிப்போச்சு, பட்டனைக் காணோம்" என்று பலர் ஸ்னாப்பையே விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். மருந்து சுலபமானது. பிரவுசருக்குள் `Ctrl` பிடித்துக்கொண்டு கழித்தல் குறியை அழுத்தி 80 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். 640-ஐ 0.8-ஆல் வகுத்தால் 800. தளத்தின் கணக்கில் அகலம் 800 ஆகிவிட்டதால், பழைய முகம் திரும்பிவிடும். பழைய 1366 புள்ளித் திரையிலும் இதே வித்தைதான். அங்கே பாதி 683, 80 சதவீதத்தில் அது 850-ஐத் தாண்டும்.

எழுத்து சின்னதாகும், அதை மறுக்க முடியாது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்கு 80 சதவீதம் தாங்காது. அவர்களுக்கு நேர்பாதி வேண்டாம். ஒட்டிய இரண்டு விண்டோக்களுக்கு நடுவே உள்ள கோட்டில் கர்சரை வைத்து இழுத்தால் இரண்டும் சேர்ந்தே அகலம் மாறும். படிக்க வேண்டியதற்கு மூன்றில் இரண்டு பங்கு, எட்டிப் பார்க்க வேண்டியதற்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கட்டத்துக்கு மேல் கோடு நகர மறுத்தால் அது பழுது இல்லை. அந்த மென்பொருள் அதற்குமேல் ஒடுங்காது என்று அர்த்தம். சில பழைய கணக்கு மென்பொருள்கள் பாதிக்கே ஒடுங்காமல் பக்கத்து விண்டோவின் மேல் ஏறி நிற்கும். அவற்றை ஸ்னாப் செய்யப் போராடாதீர்கள், முழுத்திரையிலேயே விட்டுவிடுங்கள்.

## நாற்பது பில், இரண்டு பட்டியல்

இப்போது அந்த மாடியறைக்கே திரும்புவோம்.

ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-2பி வந்துவிடும். சப்ளையர்கள் 'இவருக்கு விற்றோம்' என்று தாக்கல் செய்ததன் பட்டியல் அது. இன்னொரு பக்கம் அச்சகத்தின் சொந்தக் கொள்முதல் பட்டியல், டேலியிலிருந்து எக்ஸெலுக்கு எடுத்தது. இரண்டும் பொருந்தினால்தான் உள்ளீட்டு வரியைத் தைரியமாக எடுக்க முடியும். பெரும்பாலான பில்களை ஃபார்முலாவே பொருத்திவிடுகிறது. பொருந்தாமல் நாற்பது பில் மிஞ்சுகிறது. ஏன் பொருந்தவில்லை என்று பார்த்தால், இங்கே `INV/045`, அங்கே `INV-45`. இங்கே பூஜ்யம், அங்கே ஆங்கில ஓ எழுத்து. இதை மனிதக் கண்தான் பார்த்தாக வேண்டும்.

முன்பெல்லாம் அவர் இதை `Alt + Tab`-இல் செய்தார். இந்தப் பட்டியலில் ஒரு எண்ணைப் பார்ப்பது, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பட்டியலுக்குத் தாவுவது, நடுவில் வாட்ஸ்அப் குறுக்கிட்டால் எண் மறந்துபோய்த் திரும்பி வருவது. "பில் நம்பரை உள்ளங்கையில எழுதிக்கிட்ட நாளும் உண்டு" என்கிறார்.

நான் பார்த்த அன்று அவர் செய்தது இது. இரண்டு பட்டியலிலும் ஐந்து காலம் தவிர மற்றதை மறைத்தார். மிச்சம் வைத்தவை ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, வரிக்குட்பட்ட மதிப்பு, வரி. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து, பில் எண் அதிகபட்சம் 16 எழுத்து. இரண்டையும் முழுதாகத் தெரியும்படி விரித்தாலும் ஐந்து காலமும் 640-க்குள் தாராளமாக அடங்கிவிட்டன. கொள்முதலுக்கு `Win + ←`. மறுபாதியில் வேறெந்த விண்டோ வேண்டும் என்று விண்டோஸே வரிசை காட்டியது. 2பி-யைச் சொடுக்கினார். இரண்டிலும் `Ctrl + F1` அழுத்தி ரிப்பனைச் சுருட்டினார். ஆளுக்கு நாலைந்து வரிசை கூடுதலாகக் கிடைத்தது. இரண்டு பட்டியலையும் ஜி.எஸ்.டி. எண் வாரியாக அடுக்கியபோது, ஒரே சப்ளையரின் பில்கள் இடமும் வலமும் எதிரெதிரே வந்து நின்றன.

"இங்க பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். இடப்பக்கம் 18,400 ரூபாய். வலப்பக்கம் 14,800. பில் எண் ஒன்றே, தொகையில் இலக்கம் இடம் மாறியிருக்கிறது. தாவித் தாவிப் பார்த்தபோது இதே மாதிரி ஒன்றைப் போன வருடம் தவறவிட்டதாகச் சொன்னார். மாறிப்போன தொகையை மனசு 'சரிதான்' என்று வாசித்துவிடும். இரண்டும் ஒரே கண்பார்வைக்குள் இருந்தால் அது நடப்பது அபூர்வம்.

## எதற்கு இரண்டாவது அறை?

பில்லின் போட்டோ வேண்டும் என்று அச்சகத்துக்குக் கேட்டிருந்தார். அது வாட்ஸ்அப்பில் வரும். வாட்ஸ்அப், மின்னஞ்சல், பின்னணியில் மெதுவாக ஓடும் இளையராஜா, எல்லாம் இரண்டாவது டெஸ்க்டாப்பில். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'திண்ணை'. `Win + Tab` அழுத்தி, டெஸ்க்டாப்பின் பெயர்மேல் சொடுக்கினால் நாமே பெயர் வைக்கலாம். முதலாவதன் பெயர், அன்று எந்த கிளையன்ட்டின் வேலையோ அவர் பெயர்.

டெஸ்க்டாப்பைக் கூட்டினால் திரை பெரிதாகாது. சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டு விண்டோக்களை வெவ்வேறு டெஸ்க்டாப்பில் வைத்தால், பழைய `Alt + Tab` தாவலையே கொஞ்சம் அலங்காரமாகச் செய்கிறோம் என்று பொருள். கண் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியதை ஸ்னாப் செய்யலாம். பார்க்கவே கூடாததைப் பக்கத்து அறைக்கு அனுப்பலாம். பட்டியலைச் சரிபார்க்கும்போது பார்க்கக் கூடாதது எது? வாட்ஸ்அப். அதைவிட முக்கியமாக, வேறொரு கிளையன்ட்டின் எக்ஸெல். ஒரு கிளையன்ட்டின் எண்ணை இன்னொருவர் கோப்பில் ஒட்டிவிடும் தவறு, இரண்டும் ஒரே டாஸ்க்பாரில் அடுத்தடுத்து நிற்பதால்தான் அதிகம் நடக்கிறது.

அச்சகத்திலிருந்து பில் போட்டோ வந்தது. இப்போது அது எக்ஸெலுக்குப் பக்கத்தில் தேவை. ஒரு விண்டோவை ஒரு டெஸ்க்டாப்பிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்த விண்டோஸ் ஒரு குறுக்குவிசைகூடத் தரவில்லை. இத்தனை வருடமாக ஏன் தரவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. `Win + Tab` அழுத்தி, அந்த விண்டோவின்மேல் ரைட் கிளிக் செய்து, `Move to` தேர்ந்தெடுக்க வேண்டும். அதே மெனுவில் `Show this window on all desktops` என்றொன்றும் இருக்கும். அதுதான் 1986-ன் அந்தப் பாக்கெட். அவர் கால்குலேட்டரை அதில் போட்டு வைத்திருக்கிறார்.

> பெட்டி: வேறு கணினியா?
>
> மேக்: `Control`-உடன் இடம், வலம் அம்புக்குறி அழுத்தினால் அறை மாறலாம். 2024-ல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து `Fn + Control`-உடன் அம்புக்குறி அழுத்திப் பாதித் திரையில் ஒட்டவைக்கலாம்.
>
> லினக்ஸ் (க்னோம்): `Super`-உடன் அம்புக்குறி பாதித் திரைக்கு. `Super + Page Down` அடுத்த அறைக்கு. `Shift`-ஐயும் சேர்த்து அழுத்தினால் விண்டோவும் கூடவே வரும். விண்டோஸ் தராத குறுக்குவிசை இது.

## ஒளித்தது ஓயாது

பக்கத்து அறைக்கு அனுப்பியது தூங்கிவிடும் என்று நினைத்தால் தவறு. பாட்டு அங்கிருந்தே கேட்கும், நோட்டிஃபிகேஷன் இங்கேயே வந்து குதிக்கும், பிரவுசர் அங்கேயும் மெமரியைத் தின்றுகொண்டே இருக்கும். 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் அறைக்கு ஒரு பிரவுசர் என்று திறந்து வைத்தால் மெஷின் திணறும். அதற்கு டெஸ்க்டாப்பைக் குறை சொல்லக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததால் மூட மறந்த விண்டோக்கள்தான் காரணம்.

அரசுத் தளங்களுக்கு வேறொரு குணம். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் லாகின் தானாக முறிந்துவிடும். ஜி.எஸ்.டி. தளத்தை மற்றொரு அறையில் திறந்து வைத்துவிட்டு இங்கே அரைமணி நேரம் பட்டியல் பார்த்தால், திரும்பிப் போகும்போது கேப்சாவோடு வரவேற்கும். அதனால் எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகுதான் அந்த அம்மா தளத்தையே திறக்கிறார்.

இன்னும் ஒன்று, ஆசிரியர்களும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் ஏமாறும் இடம். வீடியோ கூட்டத்தில் முழுத்திரையையும் பகிர்ந்தால், நீங்கள் எந்த அறைக்குப் போகிறீர்களோ அந்த அறை அப்படியே மற்றவர்களுக்குத் தெரியும். ப்ரொஜெக்டரில் திரையை நகலாகக் காட்டினாலும் அப்படியே. வகுப்பு நடுவே, நான்கு விரல் தவறிப் பட்டு, வீட்டுக் கடன் கணக்கு நாற்பது பிள்ளைகள் முன்னால் விரிந்த ஓர் ஆசிரியையை எனக்குத் தெரியும். கூட்டத்தில் முழுத்திரைக்குப் பதில் ஒரு விண்டோவை மட்டும் பகிர வேண்டும். டச்பேடில் அந்த நான்கு விரல் இழுப்பு தேவையில்லை என்றால் `Settings > Bluetooth & devices > Touchpad` போய் அணைத்துவிடலாம்.

ரீஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? அறைகளும் நீங்கள் வைத்த பெயர்களும் அப்படியே இருக்கும். உள்ளே இருந்த விண்டோக்கள் இருக்காது. மறுபடி திறப்பதெல்லாம் அப்போது நீங்கள் நிற்கும் அறையில்தான் வந்து விழும். காலையில் வந்ததும் எதை எங்கே வைப்பது என்று இரண்டு நிமிடம் அடுக்கியாக வேண்டும். அறை இரண்டோடு நிறுத்த இதுவும் ஒரு காரணம். ஐந்து அறை வைத்து முதல் வாரம் பெருமைப்பட்டவன் நான். இரண்டாவது வாரம் ஒரு பி.டி.எஃப்-ஐத் தேடி அறை அறையாக அலைந்தேன்.

> பெட்டி: 'எல்லாம் போச்சு' என்று தோன்றினால்
>
> பவர் பட்டனைத் தொடாதீர்கள். `Win + Tab` அழுத்துங்கள். கீழேயோ மேலேயோ ஒன்றுக்கு மேற்பட்ட சின்னத் திரைகள் தெரிந்தால், உங்கள் வேலை அவற்றில் ஒன்றில் இருக்கிறது.
>
> மீண்டும் பயப்படாமலிருக்க: `Settings > System > Multitasking` போய், `Desktops` பகுதியில் டாஸ்க்பாருக்கும் `Alt + Tab`-க்கும் `On all desktops` தேர்ந்தெடுங்கள். விண்டோ எந்த அறையில் இருந்தாலும் இங்கிருந்தே தெரியும். அறை பிரித்ததன் நிம்மதி கொஞ்சம் குறையும்.

அந்த அம்மா இரண்டில் `Alt + Tab`-க்கு மட்டும் அதை மாற்றிக்கொண்டார். டாஸ்க்பாரை மாற்றவில்லை. "கீழ பார்த்தா இந்த கிளையன்ட் மட்டும்தான் தெரியணும். தேடுறப்ப எல்லாம் தெரியணும்" என்றார். நான் பார்த்த அமைப்புகளிலேயே இதுதான் உருப்படியானது என்று எனக்குப் பட்டது. நானும் மாற்றிக்கொண்டேன்.

போன மாதம் பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி லேப்டாப்போடு இணைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பை அதில் நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று திட்டம். இங்கே அறை மாற்றியதும் மானிட்டரிலிருந்த வாட்ஸ்அப்பும் மறைந்தது. விண்டோஸில் அறை மாறினால் எல்லாத் திரையும் சேர்ந்தேதான் மாறும். இந்தத் தடவை பவர் பட்டன் பக்கம் கை போகவில்லை. `Win + Tab` அழுத்தினார், வாட்ஸ்அப்பின்மேல் ரைட் கிளிக் செய்து அதையும் கால்குலேட்டரோடு பாக்கெட்டில் போட்டார்.